‘நீர் போய்விடும்’ என்றால் தண்ணீரா, ஆண்டவரா? விவிலியக் கதை சொல்லப் போகிறவர்களுக்கு

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையிலுள்ள எங்கள் கடற்கரையில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறுவர்களிடம் புத்தகத் தமிழில் பேசினேன். அவர்கள் மணல் அள்ளி விளையாடினார்கள். முதியோரிடம் வீட்டுத் தமிழில் பேசினேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுவயதுக்காரர்களிடம் இரண்டையும் கலந்து பேசி, இரு தரப்புக்கும் சேர வேண்டிய கேலியை மொத்தமாக வாங்கினேன். இந்த ஆண்டு புதிதாக வகுப்பு எடுக்க வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன்: லூக்கா நற்செய்தி, ஐந்தாம் அதிகாரம், முதல் 11 வசனங்கள். இரவெல்லாம் வலை போட்டும் வெறுங்கையோடு கரையேறிய சீமோன், இயேசு சொன்னதற்காகப் பகலில் மறுபடி வலை போடுகிறார். வலை கிழியும் அளவுக்கு மீன் படுகிறது. உதவிக்கு வந்த படகும் சேர்ந்து மூழ்கும் நிலைக்கு வருகிறது. சீமோன் இயேசுவின் காலில் விழுகிறார். மீன்பிடி ஊரில் இதைச் சொல்வதைப் போல எளிதானது வேறில்லை என்று நினைத்தேன். உண்மையில் இதுதான் மிகவும் கடினமானது, ஏனென்றால் கேட்கிறவர்களுக்கு நம்மைவிட இந்தத் தொழில் தெரியும்.

1. எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

திருப்பலியில் வாசிக்கும் பகுதியில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. வாசக நூலில் உள்ளது உள்ளபடி வர வேண்டும். ‘பிள்ளைகளுக்குப் புரியட்டும்’ என்று ‘போடுகிறேன்’ என்பதைப் ‘போடுறேன்’ என்று வாசித்து நான் பட்டது போதும். மறையுரை ஆற்றுவதும் நம் வேலை அல்ல. அது அருள்பணியாளருக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. நமக்குக் கிடைப்பவை மறைக்கல்வி வகுப்பு, அன்பியக் கூட்டம், விடுமுறைக் கால விவிலிய வகுப்பு, திருவிழா நாட்களின் மாலை நிகழ்ச்சி ஆகியவை. எந்தத் தமிழில் சொல்வது என்ற கேள்வியே இந்த இடங்களில்தான் எழுகிறது.

எனவே பங்குத்தந்தையிடம் முதலில் இரண்டைக் கேளுங்கள். வாசகத்தை முதலில் வாசித்துவிட்டு அதன்பின் கதை சொல்லவேண்டுமா, கதை மட்டும் போதுமா? எத்தனை நிமிடம்? முதல் கேள்விக்கு ‘வாசித்துவிட்டு’ என்று பதில் வந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். எழுத்துத் தமிழ் அந்த இரண்டு நிமிட வாசிப்பில் கேட்டுவிடும். கதையில் உங்கள் கை அவிழ்கிறது.

2. பகுதியை நகலெடுத்து, கண்ணால் அல்ல, காதால் படியுங்கள்

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பைத்தான் எங்கள் பங்கில் பயன்படுத்துகிறோம். அந்த 11 வசனங்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லி, நீங்கள் தாளைப் பார்க்காமல் கேளுங்கள். எழுத்தில் பார்க்கும்போது தெரியாத கோளாறுகள் காதில்தான் தெரியும். எனக்குத் தெரிந்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது ‘பாடுபட்டு’. இரவு முழுவதும் பாடுபட்டு உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார் சீமோன். எங்கள் கரையில் ‘பாடு’ என்றால் மீன்பாடு. ‘இன்றைக்குப் பாடு உண்டா?’ என்பதுதான் கரையில் கேட்கும் முதல் கேள்வி. மீன் வலையில் சிக்குவதை மீன் ‘பட்டது’ என்பார்கள். ‘பாடுபட்டு’ என்றதும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், “பாடு பட்டிருக்கே, அப்புறம் எப்படி ஒண்ணும் இல்லைங்கிறாரு?” என்றான். அவன் கேட்டதில் தவறே இல்லை. அவன் தமிழில் அந்த வாக்கியம் முன்னுக்குப் பின் முரண்.

இரண்டாவது, தலைப்பில் இருப்பது. மீன்பாட்டைக் கண்டு நடுங்கிய சீமோன், “நீர் என்னைவிட்டுப் போய்விடும்” என்கிறார். ‘நீர்’ என்ற முன்னிலைச் சொல் எங்கள் வீடுகளில் யார் வாயிலும் வராது. பிள்ளைக்குத் தெரிந்த நீர் தண்ணீர் ஒன்றே. ‘போய்விடும்’ என்பதும் இரண்டு வேலை செய்யும் சொல்: மரியாதையோடு ‘போங்கள்’ என்று வேண்டுவதற்கும் அதுதான், அஃறிணைக்கு எதிர்காலம் சொல்வதற்கும் அதுதான். ஆகவே ‘தண்ணீர் என்னை விட்டு விலகிவிடும்’ என்று பிள்ளை புரிந்துகொள்வதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. கடல் உள்வாங்குவதை அடிக்கடி பார்க்கிற பிள்ளைகள். படகு தரைதட்டப் போகிறதென்று சீமோன் பயப்படுகிறார் என்றே நான்கைந்து பேர் படம் வரைந்து காட்டினார்கள். படங்கள் நன்றாகவே இருந்தன.

மூன்றாவதைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. இனி நீ மனிதரைப் பிடிப்பவன் ஆவாய் என்று இயேசு சீமோனிடம் சொல்கிறார். எல்லை தாண்டியதாக அப்பாவையோ சித்தப்பாவையோ ‘பிடித்துக்கொண்டு போன’ வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். மனிதரைப் பிடிப்பது என்ற சொல்லுக்கு அவர்கள் அறிந்த பொருள் அது ஒன்றுதான். ஒரு சிறுமி அழுதுவிட்டாள். ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவளுடைய பாட்டி வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. இப்போது அந்த வசனத்துக்கு முன்பே, “மீனைப் பிடித்தால் அது செத்துப்போகும், இவர் மனிதர்களைச் சேர்ப்பது அவர்கள் வாழ்வதற்காக” என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தமிழோ பேச்சுத் தமிழோ, இந்த ஒரு வரி இல்லாமல் அந்த வசனத்தை எங்கள் ஊரில் சொல்லக்கூடாது.

உங்கள் பகுதியில் வேறு சொற்கள் இருக்கும். இதே பகுதியில் வருகிற ‘ஏரி’கூட அப்படித்தான். உள்நாட்டுப் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊர்க் கண்மாயாக நினைத்துக்கொண்டு, கண்மாயில் படகு மூழ்குமா என்று கேட்பார்கள். “மறுகரை கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிற அளவு பெரிய நன்னீர்” என்று சொன்னால் போதும். தாளில் இப்படிப்பட்ட சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஐந்தாறுக்கு மேல் வந்தால் நீங்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறீர்கள்.

3. சிறுவர்கள்: கதை பேச்சில், ஒரே ஒரு வாக்கியம் எழுத்தில்

பள்ளிக்குப் போகத் தொடங்காத பிள்ளைகளுக்கு முழுவதும் பேச்சுத் தமிழ்தான். ‘அலசிக்கொண்டிருந்தனர்’ என்பதை அவர்கள் ஒரு வினைச்சொல்லாகவே கேட்பதில்லை. அது ஒரு நீளமான சத்தம், அவ்வளவுதான். “வலையை அலசிக்கிட்டு இருந்தாங்க” என்றால் கை தானாக அலசும்.

எட்டு வயதுக்கு மேல் இப்படிச் செய்யாதீர்கள். அந்த வயதில் அவர்கள் பள்ளிப் புத்தகத்தை எழுத்துத் தமிழில்தான் படிக்கிறார்கள். முதல் நற்கருணைக்கான செபங்களையும் எழுத்துத் தமிழில்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். கதையைப் பேச்சில் சொல்லிக்கொண்டு வந்து, ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, விவிலிய வாக்கியத்தை அப்படியே சொல்ல வேண்டும். நான் எடுத்துக்கொள்வது சீமோனின் பதில்: உமது சொற்படியே வலைகளைப் போடுகிறேன். இதற்கு முன்பு பேச்சில், “ராத்திரி பூரா போட்டோம், ஒரு மீனும் படல. ஆனா நீங்க சொல்றீங்க, அதுக்காகப் போடுறேன்” என்று சொல்லியிருப்பேன். பொருள் முதலில் உள்ளே போய்விட்டது. பிறகு வருகிற ‘உமது சொற்படியே’ வெறும் சத்தமாக நிற்காது. இரண்டு முறை கூடச் சொல்ல வைப்பேன். ஒரு கதைக்கு ஒரு வாக்கியம். ஆசைப்பட்டு மூன்று வாக்கியம் வைத்த வாரங்களில் ஒன்றும் நிற்கவில்லை.

பேச்சுத் தமிழ் என்பதற்காக மரியாதையை விட்டுவிடாதீர்கள். ‘இயேசு சொன்னாரு’ என்பது பேச்சு. ‘இயேசு சொன்னான்’ என்பது வேறு எதற்கோ வழி. சீமோன் இயேசுவிடம் பேசும்போது ‘நீங்க’. இயேசு சீமோனிடம் பேசும்போது ‘நீ’. இந்த இரண்டையும் கதை முடியும்வரை மாற்றாமல் வைத்தாலே போதும், யார் பெரியவர் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கதையை முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதி வைத்து வாசிப்பது ஒரு பெரிய பொறி. ‘இருந்தாங்க’, ‘போட்டாங்க’ என்று தாளைப் பார்த்து வாசித்தால் அது பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை; நாடக ஒத்திகை போல ஒலிக்கும். பேச்சில் சொல்வதற்குக் குறிப்பு மட்டும் எழுதுங்கள். என் தாளில் இருப்பது ஏழே குறிப்புகள்: கரை, அலசல், படகுக் கடன், ஆழம், கிழிசல், இரண்டாம் படகு, முழங்கால்.

4. உழைக்கிற வயதினர்: பேச்சுதான், ஆனால் அவர்கள் பேச்சை நடிக்காதீர்கள்

இங்கே நான் பட்ட அடி வேறு வகை. நான் கடலுக்குப் போனவன் அல்ல. கரையில் கடை வைத்திருக்கிற குடும்பம். ஆனாலும் அன்பியக் கூட்டத்தில் அவர்களோடு ஒட்ட வேண்டும் என்று தொழில் சொற்களை அள்ளி வீசினேன். எந்த வலைக்கு எந்த மீன் என்று ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன். அதன்பின் கதை போயிற்று. அந்த வலையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் விவாதம் நடந்தது.

அதற்குப் பயந்து அடுத்த முறை எழுத்துத் தமிழுக்கு ஏறினேன். ‘மீன்கள் அகப்பட்டன’ என்றதும் பின்வரிசையில் ஒருவர், “அகப்பட்டது மீனா, நாங்களா?” என்றார்.

பிறகு கண்ட வழி இது. பொதுவான பேச்சுத் தமிழில், உங்கள் இயல்பான குரலில் சொல்லுங்கள். தொழில் சொற்களில் ‘மீன் பட்டது’, ‘பாடு’ என்று எல்லோரும் அறிந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள். “ராத்திரி முழுக்கப் பாடு இல்லை, வலையை அலசிக் காயப்போடுகிற நேரம். அப்போது ஒரு தச்சர் வந்து, திரும்பப் போய்ப் போடு என்கிறார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?” இந்தக் கேள்வியை வைத்த அன்று ஐந்து நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. பகலில் வலை மீனுக்குத் தெரியும் என்றார் ஒருவர். அலசிய வலையை மறுபடி நனைப்பது எத்தனை மணி நேர வேலை என்றார் இன்னொருவர். இரண்டாம் படகுக்காரருக்கு மீனில் பங்கு உண்டா என்று மூன்றாமவர் கேட்டார். சீமோன் ஏன் தயங்கினார் என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

சீமோன் முழங்காலில் விழுகிற இடத்தில் மட்டும் குரலைத் தணித்து, விவிலிய வாக்கியத்துக்கு மாறுங்கள். வளர்ந்தவர்களுக்கு ‘நீர்’ குழப்பம் இல்லை. செபங்களில் கேட்டுப் பழகியது. பேச்சிலிருந்து எழுத்துக்கு மாறும் அந்த ஒரு கணத்தில் கூட்டம் தானாக அமைதியாகும். அதனாலேயே அதை வேறெங்கும் செலவழிக்கக்கூடாது. ‘ஆகவே’, ‘ஏனெனில்’, ‘ஆயினும்’ என்று நடுவில் இறைத்தால் அந்த இடத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

5. முதியோர்: படிக்காதவர்களுக்குத்தான் எழுத்துத் தமிழ் வேண்டும்

இதை நான் தலைகீழாக நினைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேச்சுத் தமிழ்தான் எளிது என்று. இல்லை. அறுபது எழுபது ஆண்டுகளாக மாலைச் செபத்தையும் மன்றாட்டையும் காதால் கேட்டே மனத்தில் ஏற்றியவர்கள் அவர்கள். ஆண்டவரைப் பற்றிய பேச்சு என்றால் அந்த ஓசையில்தான் வர வேண்டும். “அடுப்படியில் பேசுகிற மாதிரியே சாமியையும் பேசுகிறாய் தம்பி” என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

காது மந்தம் இன்னொரு காரணம், இது யாரும் எண்ணிப் பார்க்காதது. எங்கள் பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ தேய்ந்து மூக்கொலியாகிவிடும். ‘வந்தாள்’ என்பதன் ‘ள்’ காணாமலே போய்விடும். நேரில் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஒலிபெருக்கியில், காது மங்கியவருக்கு, இரண்டும் ‘வந்தா’தான். சமாரியப் பெண் கதையைச் சொல்லி முடித்தபோது, “கிணற்றுக்கு வந்தது ஆணா பெண்ணா?” என்று கேட்டார்கள். கதையே அதில்தான் இருக்கிறது! ‘வந்தாள்’, ‘கேட்டாள்’ என்று ஈற்றெழுத்தை முழுதாக உச்சரித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

எழுத்துத் தமிழ் என்றால் கடுந்தமிழ் அல்ல. ‘வந்தனர்’ வேண்டாம், ‘வந்தார்கள்’ போதும். ‘ஆயினும்’ வேண்டாம், ‘ஆனாலும்’ போதும். வாக்கியத்துக்கு ஏழெட்டுச் சொல். அதன்பின் ஒரு மூச்சு நிறுத்தம்.

பெயர்களையும் பாருங்கள். பழைய கத்தோலிக்க வழக்கில் பேதுரு ‘இராயப்பர்’, யோவான் ‘அருளப்பர்’, யாக்கோபு ‘யாகப்பர்’. முதியோருக்கு இவைதான் நெருக்கம். இந்தப் பகுதியில் சீமோனோடு யாக்கோபும் யோவானும் வருகிறார்கள். ஒருமுறை “சீமோன், அதாவது நம் இராயப்பர்” என்று சொல்லுங்கள். பிறகு எந்தப் பெயரில் போனாலும் தொடர்ந்து வருவார்கள். இதைச் செய்யாத ஆண்டில், கதை முடிந்து, “நல்ல கதை. நம் இராயப்பர் கதை ஒருநாள் சொல்லேன்” என்று கேட்ட தாத்தாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் கூட்டத்தில் இருந்தால் இராயப்பர் அவர்களுக்குத் தெரியாது. பேதுரு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

6. மூன்று தரப்பு வயதினரும் ஒரே கூட்டத்தில் இருந்தால்

திருவிழா மாலையில் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். நடுவழி என்று நினைத்து ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ‘அவர்கள் வலையை அலசிக்கிட்டிருந்தனர்’ என்பது எந்த வயதுக்கும் ஆகாது.

பிரித்துக் கொடுங்கள். கதை சொல்பவரின் குரல் எளிய எழுத்துத் தமிழ், அதாவது முதியோருக்கான தமிழ். கதையில் வருகிற மனிதர்களின் பேச்சு, பேச்சுத் தமிழ், அதாவது சிறுவர்களுக்கானது. நம் சிறுகதைகளில் வெகுநாளாக இருக்கிற ஏற்பாடுதான் இது, காதுக்குப் பழக்கம். சென்ற திருவிழாவில் நான் சொன்னதில் ஒரு துண்டு:

“இருட்டு விலகிவிட்டது. படகுகள் கரையில் நின்றன. சீமோன் வலையை அலசிக்கொண்டிருந்தார். ஒரு மீனும் இல்லை. இயேசு அவருடைய படகில் ஏறி அமர்ந்தார். ‘ஆழத்துக்குப் போ. வலையைப் போடு’ என்றார். சீமோன் நிமிர்ந்து பார்த்தார். ‘ஐயா, ராத்திரி பூரா போட்டுட்டோம். ஒண்ணும் படல.’ கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘சரி. நீங்க சொல்றீங்க. போடுறேன்.’”

இயேசுவின் பேச்சை மட்டும் நான் முழுப் பேச்சுக்கு இறக்குவதில்லை. ‘போ’, ‘போடு’, ‘பயப்படாதே’ போன்ற ஏவல் சொற்களில் எழுத்துக்கும் பேச்சுக்கும் பெரிய வேறுபாடு இல்லை; அவற்றையே தேர்ந்துகொண்டால் முதியோர் முகம் சுளிக்க மாட்டார்கள், சிறுவரும் தடுமாற மாட்டார்கள்.

7. நாள், தாள், செலவு

வாசிக்க இரண்டு நிமிடம் ஆகிற இந்தப் பகுதி, சிறுவர்களுக்குச் சொன்னால் எட்டு நிமிடம், முதியோருக்குப் பன்னிரண்டு. நடுவயதினரிடம் கேள்வி வைத்தால் அரை மணி நேரமும் போகும். அதற்கு ஏற்றாற்போல் இடம் கேளுங்கள். தயாரிப்புக்கு ஒரு வாரம் வேண்டும். முதல் இரண்டு நாள் காதால் கேட்டு அடிக்கோடிட, அடுத்த மூன்று நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. கடைசி இரண்டு நாளில் அந்தந்த வயதில் ஒருவரிடம் சொல்லி, திருப்பிச் சொல்லக் கேளுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

ஆண்கள் வேண்டுமென்றால் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நல்ல பருவம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள் என்பதை மறந்து இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். முதியோருக்கு மாலைச் செபத்தை ஒட்டிய நேரம். சிறுவர்களுக்கு ஞாயிறு திருப்பலி முடிந்தவுடன், பசி எடுப்பதற்குள்.

வெளியில் ஒலிபெருக்கி வைப்பதென்றால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். நாள், நேரம், இடம், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றோடு பங்குத்தந்தையின் கையெழுத்தும் உள்ள விண்ணப்பத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நான் ஒருமுறை முந்தைய நாள் போய் நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே கத்திச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது.

செலவு பெரிதில்லை. நகல் தாளுக்கு இரண்டு ரூபாய் வீதம் பத்துத் தாள், ஒரு நோட்டு, மாலைக் கூட்டமென்றால் ஒலிபெருக்கி வாடகை. கடந்த முறை வாடகை எண்ணூறு கொடுத்தேன். தெரிந்தவர் என்பதால் அந்த விலை. திருப்பிச் சொல்லிக் காட்டிய பாட்டிக்கு ஒரு தேநீர், பையனுக்கு ஒரு கடலை மிட்டாய். பாட்டி திருப்பிச் சொன்னபோது, “இராயப்பர் இரவெல்லாம் கிடந்தும் பாடு இல்லை” என்றார். நான் எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டேன்.